வீட்டு வேலைக்கும் மின்வேலைக்கும் எந்த ஏணி: அலுமினியமா, ஃபைபரா, மூங்கிலா?

மின்வேலைக்கு ஃபைபர் ஏணி வாங்கிவிட்டால் ஷாக் அடிக்காது என்று கடைக்காரர் சொல்வதைப் பலரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மின்சாரம் உடலுக்குள் புகுந்து வெளியேற இரண்டு இடங்கள் வேண்டும். கை மின்கம்பியைத் தொடும்போது, கால் வழியாகத் தரைக்குப் போவது ஒரு பாதை. மற்றொரு கை வழியாக நியூட்ரல் கம்பிக்கோ, எர்த் செய்யப்பட்ட இரும்புக்கோ, ஈரச் சுவருக்கோ போவது இன்னொரு பாதை. ஏணி எந்தப் பொருளால் செய்யப்பட்டிருந்தாலும், அதனால் அடைக்க முடிந்தது கால் வழிப் பாதையை மட்டுமே. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மார்பின் குறுக்கே போகும் பாதைக்கும் ஏணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வீட்டுக்கு முதல் ஏணி வாங்கப் போகிறவர்களும், இருக்கிற ஏணியை வைத்துக்கொண்டு மின்விசிறி மாற்ற நினைப்பவர்களும் இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரை உயரம் 10 அடி. கூடத்தில் ஒரு சீலிங் ஃபேனைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். வாசலுக்கு மேலே வெளிச்சுவரில் ஒரு விளக்கை மாற்ற வேண்டும். பரணில் இருக்கும் பாத்திரங்களை அவ்வப்போது இறக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏற வேண்டும். இந்த நான்கு வேலைகளுக்கும் ஒரே ஏணி பொருந்துமா என்பதுதான் கேள்வி.

முதலில் உயரமும் பாரமும்

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் 10 அடிக் கூரையிலுள்ள கொக்கியில் வேலை செய்ய, அவருடைய பாதம் தரையிலிருந்து நான்கு அடி உயரத்தில் இருந்தால் தலை ஒன்பதரை அடியில் இருக்கும். கொக்கியும் ஒயர் இணைப்பும் கண்ணுக்கு நேராகச் சற்று மேலே தெரியும். கைகளை முழுவதும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கால் விரித்து நிற்கும் மடக்கு ஏணியில் உச்சித் தட்டிலும் அதற்குக் கீழ்ப் படியிலும் நிற்கக் கூடாது என்பதால், நான்கடிப் படியில் நிற்பதற்கு ஆறடி ஏணி தேவை. ஐந்தடி ஏணியை வாங்கி உச்சிக்கு முந்தைய படியில் நின்று சமாளிப்பவர்கள் உண்டு. அந்தப் படியில் முழங்காலை முட்டுக்கொடுக்க எதுவும் இருக்காது; நான்கைந்து கிலோ எடையுள்ள விசிறியைக் கொக்கியிலிருந்து விடுவித்த கணத்தில் உடல் பின்னோக்கிச் சாய்வதைத் தடுக்க ஒன்றும் இல்லை.

பாரத்தைக் கணக்கிடும்போது ஆளின் எடையோடு கையில் இருப்பதையும் சேர்க்க வேண்டும். எழுபது கிலோ ஆள், ஐந்து கிலோ விசிறி, இரண்டு மூன்று கிலோ கருவி என்று கூட்டினால் ஏறத்தாழ எண்பது கிலோ வரும். ஐரோப்பியத் தரமான ஈஎன் 131-இன்படி செய்யப்பட்ட ஏணியின் அதிகபட்சப் பாரம் 150 கிலோ. அமெரிக்கத் தரத்தில் வீட்டு உபயோக ஏணி 200 பவுண்டில், அதாவது சுமார் 90 கிலோவில் தொடங்கி, தொழில்முறைக்கு உரியது 300 பவுண்டு, 375 பவுண்டு என்று மேலே போகிறது. பக்கக் காலில் ஒட்டியுள்ள சீட்டில் இந்த எண் இருக்கும். சீட்டே இல்லாத அலுமினிய ஏணிகளும் கடைகளில் விற்கின்றன. அவற்றின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தவிர்ப்பது நல்லது. படிக்கும் பக்கக் காலுக்கும் இடையேயுள்ள ரிவெட்டு எவ்வளவு தாங்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எண்பது கிலோ தேவைக்கு 120 கிலோவுக்குக் குறையாத ஏணியை வாங்கினால், ஏறி இறங்கும்போது ஏற்படும் குலுக்கலுக்கும் இடம் இருக்கும்.

மூன்று பொருள்களும் எடையும்

ஃபைபர் என்று நாம் சொல்வது கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்து இழுத்து வார்க்கப்பட்ட பொருள். மின்சாதனக் கடைகளில் எஃப்ஆர்பி ஏணி என்றும் கேட்கலாம். ஒரே கன அளவு எடுத்தால் அலுமினியத்தை விட ஃபைபர் எடை குறைந்தது; தண்ணீரைப் போல அலுமினியம் 2.7 மடங்கு கனமானது என்றால், ஃபைபர் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் கடையில் இரண்டு ஆறடி ஏணிகளைத் தூக்கிப் பார்த்தால் ஃபைபர்தான் கனக்கும்: அலுமினியம் சுமார் ஐந்து முதல் ஏழு கிலோ வரையிலும், ஃபைபர் ஒன்பது பத்து கிலோ அளவிலும் இருக்கும். காரணம் விறைப்புத்தன்மை. வளைவதை எதிர்க்கும் விறைப்பில் ஃபைபர் அலுமினியத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், அதே பாரத்துக்கு அதே அளவு மட்டுமே வளைய வேண்டுமானால் பக்கக் காலைத் தடிமனாகவும் அகலமாகவும் செய்ய வேண்டியிருக்கிறது. எடை குறைந்த ஃபைபர் ஏணி என்று ஒன்றைக் காட்டினால், அதன் பாரச் சீட்டை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பத்து கிலோ என்பது கூடத்துக்குள் ஒரு பொருட்டல்ல. மாடிப்படி வழியாகத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் வித்தியாசம் தெரியும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், பரணுக்கும் ஜன்னல் துடைக்கவும் பயன்படும் ஏணி அலுமினியமாக இருப்பதில் தவறே இல்லை. தூக்க முடியாத ஏணி மூலையிலேயே கிடக்கும். அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஸ்டூலை வைத்து ஏறுவார்கள்.

மூங்கில் இயல்பிலேயே எடை குறைந்தது. உலர்ந்த மூங்கில் தண்ணீரில் மிதக்கும். இழைகள் வெளித்தோலுக்கு அருகில் நெருக்கமாகவும் உள்ளே செல்லச் செல்லத் தளர்வாகவும் அமைந்திருப்பதால், வளைவைத் தாங்க வேண்டிய இடத்தில்தான் அதன் வலு குவிந்திருக்கிறது. கல்மூங்கில் என்று நாம் அழைக்கும் வகை ஏறத்தாழ உள்ளீடற்ற குழாயாக இல்லாமல் திண்மையாக இருக்கும். ஏணிக்காலுக்கு அதுவே விரும்பப்படுகிறது. சிக்கல் அதன் வலுவில் இல்லை, அந்த வலு ஒரே சீராக இருப்பதில்லை என்பதில் இருக்கிறது. முற்றிய மூங்கிலா இளமூங்கிலா, எப்போது வெட்டியது, எத்தனை மழை நனைந்தது என்பதைப் பொறுத்து ஒரே தோற்றமுள்ள இரண்டு கால்கள் வேறுவேறு பாரம் தாங்கும். அதில் எந்தச் சீட்டும் ஒட்டியிருக்காது. நீளவாக்கில் பிளந்துகொள்வது மூங்கிலின் இயல்பு என்பதால், படி செருகத் துளையிட்ட இடம்தான் முதலில் பலவீனமாகும். நல்ல ஏணி செய்பவர் துளையைக் கணுவை ஒட்டிப் போடுவார்; கணு இல்லாத நடுப்பகுதியில் வரிசையாகத் துளை போட்ட ஏணி ஒரு கோடைக்குள் விரிசல் விடும்.

சாய்வும் வலுவும்

ஏணி எவ்வளவு தாங்கும் என்பது பொருளை மட்டும் பொறுத்ததல்ல; எவ்வளவு சாய்த்து வைக்கிறோம் என்பதையும் பொறுத்தது. சுவரில் சாய்த்து வைக்கும் ஏணிக்கு உலகெங்கும் உள்ள விதி நான்குக்கு ஒன்று: ஏணி சுவரைத் தொடும் இடம் பன்னிரண்டு அடி உயரத்தில் இருந்தால், அடிப்பகுதி சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி இருக்க வேண்டும். அது ஏறத்தாழ 75 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வில் நம் எடையில் ஏறத்தாழ கால் பங்கு மட்டுமே ஏணிக்காலை வளைக்கும்; மீதி காலின் நீளவாக்கில் தரைக்கு இறங்கிவிடும். சுவரோரம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பூந்தொட்டி இருக்கிறது என்று அடியைத் தள்ளித் தள்ளி 60 டிகிரிக்குக் கொண்டுவந்தால், வளைக்கும் விசை பாதி எடையாகிவிடுகிறது. அதாவது ஏணி மாறவில்லை, ஆள் மாறவில்லை, காலின் மேல் விழும் சுமை மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. போதாததற்கு அடிப்பகுதி வழுக்கும் ஆபத்தும் கூடுகிறது.

இதே கணக்கு மூங்கில் ஏணியைச் சோதிக்கவும் உதவும். ஏணியின் இரண்டு முனைகளையும் இரண்டு செங்கற்களின் மேல் வைத்துத் தரைக்கு இணையாகக் கிடத்தி, நடுவில் அடுத்தடுத்த இரண்டு படிகளில் மெதுவாக ஏறி நின்றால், சரியாகச் சாய்த்து வைத்தபோது வரும் வளைவு விசையைப் போல நான்கு மடங்கு அதன் மேல் விழுகிறது. விழுந்தாலும் செங்கல் உயரந்தான். கிறீச்சென்று நார் கிழியும் ஒலி கேட்டாலோ, ஒரு கால் மற்றதைவிட அதிகம் தொய்ந்தாலோ, இறங்கிய பிறகும் வளைவு நேராகாமல் இருந்தாலோ அந்த ஏணியை விறகாக்கிவிடலாம். ஏறாத சோதனை ஒன்றும் உண்டு: காலின் அடியில் மாவு போன்ற மஞ்சள் தூள் உதிர்ந்திருக்கிறதா, குண்டூசித் தலை அளவு துளைகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். அது உள்ளே மாவுச்சத்தைத் தின்னும் வண்டின் வேலை. வெளித்தோல் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அரித்திருக்கும். மூங்கிலுக்கு எனாமல் பெயிண்ட் அடித்து விற்பதை நான் விரும்புவதில்லை, ஏனென்றால் பார்க்க வேண்டியதையெல்லாம் அது மூடிவிடுகிறது.

அலுமினியமும் ஃபைபரும் பழுதாகும் விதம் வேறு. அலுமினியம் உடைவதற்கு முன்பு வளையும். ஒரு முறை வளைந்த பக்கக் காலைச் சுத்தியலால் தட்டி நேராக்கினால் பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் அந்த இடத்தில் உலோகம் ஏற்கெனவே தளர்ந்துபோயிருக்கும். அடுத்த முறை அங்கேயே மடங்கும். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தால் அங்கே படி அசைந்து தேய்கிறது என்று பொருள். ஃபைபரோ வளைந்து நேராகிவிடும். அடிபட்ட இடத்தில் பால் போல வெளிறிய தழும்பு தெரியும், அதுதான் உள்ளே அடுக்குகள் பிரிந்ததன் அடையாளம். பத்து ரூபாய் நாணயத்தால் பக்கக் கால் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் மொத்தென்றும் ஒலிக்கும்.

ஷாக் அபாயம்

நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரக் கையும் வெறுங்காலுமாக இருக்கும் ஒருவரின் உடல் தடையை 1000 ஓம் என்று கொண்டால், உடல் வழியே போகும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியரிலேயே சுரீரென்று உணர்வு தெரியும். பத்து மில்லி ஆம்பியர் அளவில் பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகும். முப்பதுக்கு மேல் போனால் மூச்சும் இதயமும் ஆபத்தில். தரையில் நிற்பவருக்கு ஒரு மில்லி ஆம்பியர் என்பது வெறும் அதிர்ச்சி. நான்கடி உயரத்தில் நிற்பவருக்கு அதே அதிர்ச்சியில் கை உதறி, கால் தடுமாறி, பின்மண்டை தரையில் மோத நேரிடும்.

அலுமினியம் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். மின்வாரியத்தின் தெருக்கம்பிகளே அலுமினியத்தால் ஆனவைதாம். கால்களில் ரப்பர் குப்பி இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அந்த ரப்பர் வழுக்காமல் இருக்கப் போட்டது. கறுப்பு ரப்பரில் வலுவுக்காகச் சேர்க்கும் கரித்தூள் மின்காப்பைக் குறைக்கும். தேய்ந்து ஓட்டை விழுந்தால் உலோகமே தரையைத் தொடும். ரப்பர் புதிதாகவே இருந்தாலும் ஏணியின் மேல்முனை ஜன்னல் கிரில் மேல் சாய்ந்திருந்தால் எல்லாம் வீண். தரையில் ஓடும் நீட்டிப்பு ஒயரின் மேல் ஏணிக்கால் அழுந்தி, காப்புறை கிழிந்து, ஏணி முழுவதும் மின்னேறுவதும் உண்டு. அந்த நிலையில் வேலை செய்பவர் எந்த ஒயரையும் தொட்டிருக்கவே மாட்டார்.

ஃபைபர் ஏணியில் பக்கக் கால்கள்தாம் ஃபைபர். படிகளும் விரிப்புப் பட்டைகளும் பெரும்பாலும் அலுமினியமே. மின்னேறிய ஒயர் நழுவிப் படியில் விழுந்தால், படியில் நிற்பவரும் படியும் ஒரே மின்னழுத்தத்துக்கு வருவார்கள். பக்கக் கால் தரைக்குப் போகும் வழியை அடைத்திருப்பதால் அவருக்கு ஒன்றும் நேராது. ஆனால் கீழே வெறுங்காலுடன் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் உதவியாள் அந்த உலோகப் படியில் கை வைத்திருந்தால், அவர் வழியாக மின்சாரம் தரைக்குப் போகும். ஆகவே ஏணியைப் பிடிப்பவர் எப்போதும் ஃபைபர் பக்கக் காலைப் பிடிக்க வேண்டும். ஏணி வாங்கும் அன்றே வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஃபைபருக்குள் தண்ணீர் எளிதில் ஊறாது. ஆனால் மேற்பரப்பில் படிந்த தூசியும் கடற்கரை ஊர்களின் உப்பும் மழைநீரோடு சேர்ந்தால் ஒரு கடத்தும் படலம் உண்டாகிறது. வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஃபைபரில் பிசின் உதிர்ந்து இழைகள் மீசை முடி போலத் துருத்தி நிற்கும். தடவினால் கை அரிக்கும். அந்தச் சொரசொரப்பு அழுக்கையும் ஈரத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நனைந்த ஃபைபர் ஏணியை மின்வேலைக்கு எடுக்கும் முன் துணியால் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். உலோகப் பட்டை வைத்து முறிவை ஒட்டுப்போடுவதும், அலுமினியத் தூள் கலந்த சில்வர் பெயிண்ட் அடிப்பதும் அதை வாங்கிய நோக்கத்தையே கெடுத்துவிடும்.

மூங்கில் மின்சாரம் கடத்தாது என்பது நம்மிடம் வேரூன்றிய நம்பிக்கை. நன்றாக உலர்ந்த மூங்கிலுக்கு அது பொருந்தும். மரம், மூங்கில் போன்ற தாவரப் பொருள்களின் மின்தடை ஈரப்பதத்தைப் பொறுத்துப் பல லட்சம் மடங்கு மாறக்கூடியது. எலும்பாக உலர்ந்த கால் ஒன்றும் மழையில் ஊறிய கால் ஒன்றும் பெயரளவில்தான் ஒரே பொருள். ஐப்பசி மழையில் கொல்லைச் சுவரில் சாய்ந்திருந்த ஏணியை மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் மேல்தோல் காய்ந்தே இருக்கும். உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதைக் கை சொல்லாது. ஃபைபரைத் துடைத்தால் போதும், மூங்கிலைத் துடைத்து உலர்த்த முடியாது; அதுவே இரண்டுக்கும் உள்ள நடைமுறை வேறுபாடு. படிகளை இறுக்கக் கட்டுக்கம்பியை மேலிருந்து கீழ்வரை ஒரே நீளமாகச் சுற்றியிருந்தால் அது உலோக ஏணிக்குச் சமம். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள், மின்னேறிய பாகங்களைத் தொட வாய்ப்புள்ள இடத்தில் பக்கக் கால் மின்கடத்தாப் பொருளாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. ஈர மூங்கிலை அந்தக் கணக்கில் சேர்க்க இயலாது.

விசிறி மாற்றும் வேலை, படிப்படியாக

ஆறடி ஃபைபர் ஏணி கையில் இருக்கிறது என்று கொண்டு, கூடத்து விசிறியை மாற்றுவோம். ஏணியைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சுவர் சுவிட்சை அணைத்தால் விசிறி நின்றுவிடும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டப்பட்டிருப்பதுண்டு. அப்போது விசிறி நின்றாலும் அதன் ஒயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஆகவே பெட்டியிலுள்ள எம்சிபியை இறக்க வேண்டும். அத்துடன் முடியவில்லை. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயினை இறக்கினால், கரண்ட் போய்விட்டது என்று எண்ணி இன்வெர்ட்டர் தானே விழித்துக்கொண்டு விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். விசிறிதான் அநேகமாக எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. மெயினையும் இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியீட்டுப் பிளக்கை உருவிவைத்த பிறகே அடுத்த படி.

மின்சாரம் உண்மையில் இல்லை என்பதைச் சோதிப்பதில் ஃபைபர் ஏணியே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. திருப்புளி வடிவ நியான் டெஸ்டர் எரிய, நம் உடல் வழியாக மிகச் சிறு மின்னோட்டம் தரைக்குப் போக வேண்டும். காப்புள்ள ஏணியின் மேல் நிற்கும்போது அந்த வழி பலவீனமாகிவிடுவதால், மின்சாரம் இருந்தாலும் விளக்கு மங்கலாகவே எரியும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எனவே இரண்டு முனை உள்ள சோதனை விளக்கையோ மல்டிமீட்டரையோ பயன்படுத்தி, ஒயர் இணைப்பில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், எர்த் ஒயர் இருந்தால் ஃபேஸ், நியூட்ரல் ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையிலும் பார்க்க வேண்டும். எர்த்தோடு ஒப்பிடாமல் விட்டால் நியூட்ரலில் சுவிட்ச் போட்ட கோளாறு பிடிபடாது. மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன்பே அதே கருவியை மின்சாரம் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஏணியை விசிறிக்கு நேர்கீழே வைக்காமல், ஏறும்போது நம் முகம் விசிறியை நோக்கியிருக்கும்படி சற்றுத் தள்ளி வைத்து, கால்களை முழுவதும் விரித்து, விரிப்புப் பட்டைகள் இரண்டும் பூட்டிக்கொண்டனவா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். டைல்ஸ் தரையில் தூசியைத் துடைத்துவிட்டு வைத்தால் ரப்பர் பிடிக்கும். மிதியடி, சாக்கு ஆகியவற்றின் மேல் வைக்கக் கூடாது. விசிறி இறக்கைகளைக் கீழ்ப்படிகளில் நின்று முதலில் கழற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டாரை இறக்குவது எளிது. நான்காம் படியில் நின்று மேல்கிண்ணத்தை இறக்கி, ஒயர் இணைப்பை விடுவித்து, கொக்கியிலுள்ள போல்ட்டின் பிளவு ஊசியை நிமிர்த்தி எடுக்க வேண்டும். மோட்டாரின் எடையை உதவியாள் கீழிருந்து தாங்கிக்கொள்ளும்போதுதான் போல்ட்டை உருவ வேண்டும். இந்த வேலை முழுவதிலும் தொப்புள் இரண்டு பக்கக் கால்களுக்கும் இடையில் இருக்க வேண்டும். எட்டாவிட்டால் இறங்கி ஏணியை நகர்த்தலாம், சாய்ந்து எட்டக் கூடாது.

மின்சாரத்தை நிறுத்திச் சோதித்துவிட்டோம் என்றால் இதே வேலையை அலுமினிய ஏணியில் செய்யலாமா என்று கேட்பார்கள். எல்லாம் சரியாக நடந்தால் அலுமினியத்திலும் ஒன்றும் ஆகாது. ஃபைபர் வேண்டியது, சோதனையில் ஏதோ ஒன்று தவறிய நாளுக்காக. மின்கசிவைக் கண்டால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பெட்டியில் இருக்கிறதே என்றாலும் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்பதைத்தான் அது அளக்கிறது. காப்புள்ள ஏணியில் நின்று ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால், தரைக்கு எதுவும் கசியாததால் நம் உடலை அது இன்னொரு பல்பாகவே எண்ணிக்கொள்ளும், விழாது. ஒரு கையால் ஒயரைத் தொடும்போது மறு கையால் விசிறிக் குழாயையோ இரும்புக் கொக்கியையோ பிடிக்காமல் ஃபைபர் பக்கக் காலைப் பிடித்துக்கொள்வது இந்தக் காரணத்தால்தான் வழக்கமாக வேண்டும்.

வெளிச்சுவர் விளக்கு

வெளியே வந்தால் கணக்கே மாறுகிறது. வீட்டு வாசலில் நின்று தலையை நிமிர்த்தி மின்கம்பி எங்கே போகிறது என்று பார்க்காமல் எந்த ஏணியையும் தூக்கி நிறுத்தக் கூடாது. வீட்டுக்குள் வரும் இணைப்பு ஒயரின் காப்புறை ஆண்டுக்கணக்கான வெயிலில் வெடித்திருக்கும். தெருக்கம்பியில் காப்புறையே கிடையாது. இந்திய மின்பாதுகாப்பு விதிகள் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் போகும் குறைந்த அழுத்தக் கம்பிக்கும் இடையே 1.2 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. 11,000 வோல்ட் கம்பிக்கும் அதே 1.2 மீட்டர்தான். அந்த இடைவெளி முழுமையாக இருந்தாலும், பதினைந்தடி ஏணியை நிமிர்த்தும்போது அதன் முனை நான்கரை மீட்டர் ஆரத்தில் கால்வட்டம் போடுகிறது. 11,000 வோல்ட்டுக்கு வீட்டு ஏணிகளில் எதுவும் பாதுகாப்பல்ல, ஃபைபரும் உட்பட. கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தைக் கேட்டு நிறுத்தச் சொல்லாமல் அங்கே ஏணி ஏறுவதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பி தொலைவில்தான் இருக்கிறது, விளக்குக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்றால், சுவரில் சாய்க்கும் வகை ஃபைபர் ஏணியை நான்குக்கு ஒன்று சாய்வில் வைத்து விளக்கை மாற்றலாம். மடக்கு ஏணியை மூடிச் சுவரில் சாய்த்து ஏறக் கூடாது. அதன் கால்கள் அந்தக் கோணத்துக்கு வெட்டப்பட்டவை அல்ல. மழை பெய்து நின்ற மண் தரையில் இரண்டு கால்களும் ஒரே அளவு புதைவதில்லை என்பதால் அடியில் அகலமான பலகை வைக்க வேண்டும். மொட்டை மாடிக்கோ தொட்டிக்கோ ஏறி இறங்கப் பயன்படும் ஏணி, ஏறும் விளிம்புக்கு மேல் ஒரு மீட்டர் நீண்டிருந்தால்தான் இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

எதை வாங்குவது

ஒரே ஒரு ஏணிதான் வாங்க முடியும், வீட்டில் யாராவது மின்வேலை செய்வார்கள் என்றால், 120 கிலோவுக்குக் குறையாத ஆறடி ஃபைபர் மடக்கு ஏணியை வாங்கலாம். விசிறிக்கும் பரணுக்கும் அது பொருந்தும்; சுவரில் சாய்த்து ஏற வேண்டிய வேலைகளுக்குப் பொருந்தாது. அலுமினியத்தை விட விலை கூடுதல், எடை கூடுதல். இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மின்வேலை முழுவதும் எலக்ட்ரீஷியனிடம் விடப்படும் வீட்டில் அலுமினியம் போதும். எலக்ட்ரீஷியன் வரும்போது அவர் ஏணி கொண்டுவராமல் உங்கள் அலுமினிய ஏணியைக் கேட்டால் கொடுக்கத் தயங்குங்கள். ஏற்கெனவே மூங்கில் ஏணி இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். முருங்கைக்காய் பறிக்கவும் வெள்ளையடிக்கவும், செங்கல் சோதனையில் தேறும் வரை அது உழைக்கும். மின்கம்பி போகும் மரத்துக்கு மட்டும் அதை எடுத்துச் செல்லக் கூடாது.

மூங்கிலைத் தரையில் படாமல், நிழலில், சுவரில் அடித்த இரண்டு முளைகளின் மேல் படுக்கைவாட்டில் மாட்டிவைத்தால் கரையானும் ஈரமும் எட்டாது. ஃபைபரையும் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். அலுமினியத்துக்கு வெயிலால் தீங்கில்லை. நண்பகலில் மாடியிலிருந்து எடுத்தால் கை சுடும், அவ்வளவுதான்.